நாற்பத்தொரு பக்கமும் ஒரு பக்கமும்

செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் அந்தக் கட்டு வந்தது. நாற்பத்தொரு பக்கம். உலு செரோஜா ரப்பர்த் தோட்டத்தின் லயங்களை, தொழிலாளிகளின் வரிசை வீடுகளை, என்ன செய்வது என்று தோட்டத்துத் துரை பதினாறு பக்கம் எழுதியிருந்தார். டாக்டர் பதினான்கு பக்கம். வீடு கட்டும் குத்தகைக்காரரின் மதிப்பீடு ஆறு பக்கம். மிச்சம் ஐந்து பக்கமும் அட்டவணைகள்.

அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி விஸ்வலிங்கம், கட்டை அவிழ்க்காமலே உடையப்பனின் மேசையில் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை போர்டுக் கூட்டம். வியாழன் பின்னேரம் செகரட்டரித் துரையின்ர மேசையில ஒரு பக்கம் இருக்கவேணும். ஒண்டு. ஒண்டேகால் இல்லை."

"சரிங்க ஐயா."

"போன முறை நீர் 'ஒண்டரைப் பக்கம்தானே' எண்டு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகத்தில இருக்கு."

ஈப்போவில் ஹியூ லோ தெருவை ஒட்டிய ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஏழு ரப்பர்க் கம்பெனிகளுக்குச் செயலாளர் வேலை பார்க்கும் இடம். கம்பெனிகளின் டைரக்டர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள். தோட்டங்களிலிருந்து எவ்வளவு தடித்த கட்டு வந்தாலும் அதன் தலையில் ஒரே ஒரு பக்கம் இருக்கவேண்டும் என்பது சேர்மனின் சட்டம். முதலில், போர்டு என்ன முடிவு எடுக்கவேண்டும் என்று ஒரே வாக்கியம். அடுத்து, முன்னால் இருக்கும் வழிகள். ஒவ்வொரு வழிக்கும் எதிரே கம்பெனிக்கு வரும் செலவு, அதை ஒரு ராத்தல் ரப்பருக்கு இத்தனை காசு என்று வகுத்த கணக்கு. கடைசியில் தோட்டத்துத் துரையின் பரிந்துரை. சேர்மன் ஒரு பென்சிலை எடுத்து ஏதாவது ஒரு வழிக்கு எதிரே கோடு போடுவார். மற்றப் பக்கங்கள் எல்லாம் மேசையில் கிடக்கும். யாருக்காவது சந்தேகம் வந்தால் புரட்டுவார்கள். பெரும்பாலும் யாருக்கும் வராது.

உடையப்பன் இரண்டாம் கிராணி. வயது இருபத்தாறு. ஒன்றரை வருஷமாக இந்தச் சுருக்கங்களை அவன்தான் எழுதிவந்தான். ஆறு கூட்டங்களுக்கு எழுதியிருந்தான். இந்தக் கட்டின் முதல் பக்கத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்காரப் பிடிக்கவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டே புரட்டினான்.

"ஏன் காணும் நிண்டுகொண்டு வாசிக்கிறீர்? நாற்காலி கடிக்குதோ?" என்றார் விஸ்வலிங்கம்.

சிரித்து வைத்தான். சொல்லமுடியாத காரணம் ஒன்று இருந்தது. உலு செரோஜா அவன் பிறந்த தோட்டம். அவனுடைய அக்காள் இருளாயியும் அப்பாவு என்கிற அவள் புருஷனும் மூன்றாம் லயத்தில், ஐந்தாவது அறையில் இருந்தார்கள். அவர்களுடைய இரண்டு வயது மகள் செல்லிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. வயிற்றின் இடப்பக்கம் வீங்கிக் கல்லாகக் கிடந்தது. போன மழைக்காலத்தில் அதே அறையில் அவளுக்கு மூத்தவன் காய்ச்சலில் போய்விட்டான்.

அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் "சுங்கை சிப்புட் பக்கம்" என்பான். அது பொய்யில்லை. தகப்பன் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் என்பதையும், அவர் இறந்தபிறகு அக்காள் வெட்டிய மரங்கள்தான் தன்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் கொண்டுபோய் விட்டன என்பதையும் அவன் சொன்னதில்லை. கூலிகள் என்ற சொல் அந்த அறையில் ஒரு நாளைக்கு முப்பது தடவை புழங்கியது. இத்தனை கூலிகள், இத்தனை நாள், இத்தனை காசு. அந்தச் சொல்லை அவனும் தட்டச்சில் அடித்தான். அடிக்கும்போது ஒன்றும் தோன்றாது. மத்தியானம் சாப்பிடும்போதுதான் ஏதோ உறுத்தும்.

பிற்பகல் முழுவதும் படித்தான். விஷயம் குழப்பமானதில்லை. லயங்கள் மூன்றும் ஒரு பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்தன. பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் தேங்கியது. கொசு அங்கிருந்து வந்தது. முன்னால் இருந்த வழிகள் மூன்று. ஒன்று, இருப்பதை இருக்கிறபடி விடுவது. இரண்டு, பள்ளத்தில் மண்ணுக்கடியில் குழாய் வடிகால் போட்டு, வாரந்தோறும் எண்ணெய் தெளிப்பது. மூன்று, அரை மைல் தள்ளி மேட்டில் புதிய லயங்கள் கட்டி எல்லோரையும் மாற்றுவது. தோட்டத்துத் துரை இரண்டாவதைப் பரிந்துரைத்தார். டாக்டர் மூன்றாவதை.

புதன்கிழமை எழுத உட்கார்ந்தான். கோரப்படும் முடிவு எளிதாக வந்தது: மூன்று வழிகளில் ஒன்றைப் போர்டு தேர்ந்து, அதற்கான செலவுக்கு அனுமதி தரவேண்டும். வழிகளும் வந்தன. செலவுப் பகுதியில் பேனா நின்றது.

முதல் வழிக்கு எதிரே துரை 'செலவு இல்லை' என்று எழுதியிருந்தார். உடையப்பனும் அப்படியே எழுதினான். எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து அட்டவணைகளைப் புரட்டினான். முப்பத்தெட்டாம் பக்கத்தில், டாக்டரின் சின்ன எழுத்தில், காய்ச்சலால் மட்டும் ஒரு வருஷத்துக்கு ஆகும் செலவு இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டாயிரத்து எழுநூறு வெள்ளி; வெள்ளிக்கு நூறு காசு. செத்தவர்களுக்கும் ஓடிப்போனவர்களுக்கும் பதிலாக இந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவர ஆயிரத்து எண்ணூறு. கொய்னா மருந்துக்கும் நோயாளிகளின் அரிசிக்கும் தொள்ளாயிரம். மொத்தம் ஐயாயிரத்து நானூறு. துரையின் கணக்கில் இவை மூன்றும் மூன்று வேறு தலைப்புகளில் ஒளிந்திருந்தன. சும்மா இருப்பதற்கும் ஒரு விலை இருந்தது. அதை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

'செலவு இல்லை' என்பதை அடித்துவிட்டு அந்தத் தொகையை எழுதி, விஸ்வலிங்கத்திடம் கொண்டுபோனான்.

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இதென்ன விசர் வேலை? துரை இல்லை எண்டு எழுதியிருக்கிறார். நீர் ஐயாயிரம் எண்டு எழுதிறீர். சுருக்கத்தில புதுசா ஒண்டும் வரக்கூடாது. நாங்கள் சுருக்கிற ஆக்கள். சேர்க்கிற ஆக்கள் இல்லை."

"புதுசு இல்லீங்க ஐயா. முப்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு. டாக்டரோட கையெழுத்தோட."

"அப்ப பிறகு ஏன் துரை இல்லை எண்டு எழுதினவர்?"

"அவர் லயத்துக்கு ஆகுற செலவைப் பார்த்தாரு. போர்டுக்கு எல்லாச் செலவும் தெரியணும்லங்க."

விஸ்வலிங்கம் முப்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் கூட்டினார். இரண்டு முறை கூட்டினார். பிறகு பென்சிலால் உடையப்பனின் வரிக்குப் பக்கத்தில் '38' என்று எழுதினார். "ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கம் போடும். ஆரும் கேட்டால் விரல் வைச்சுக் காட்ட வேணும்" என்றார். அவ்வளவுதான். பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை.

உடையப்பன் காற்றில் நடப்பது போலத் தன் இடத்துக்கு வந்தான். அந்த மகிழ்ச்சி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

ராத்தல் கணக்கை வகுக்கும்போது அது தெரிந்தது. புதிய லயங்களுக்குப் பதினெட்டாயிரம் வெள்ளி. இரண்டு வருஷத்தில் செலவழிப்பதானால் வருஷத்துக்கு ஒன்பதாயிரம். தோட்டத்து அலுவலகம் அதை ஐந்து லட்சம் ராத்தலால் வகுத்து, ராத்தலுக்கு ஒன்றே முக்கால் காசுக்குச் சற்று மேல் என்று போட்டிருந்தது. ஐந்து லட்சம் என்பது தோட்டத்தின் முழு விளைச்சல். ஆனால் இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு. ரப்பர் ஏற்றுமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டு இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் முழு விளைச்சலில் நூற்றுக்கு அறுபதுதான் ஏற்றலாம். விற்கப்போவது மூன்று லட்சம் ராத்தல். அதைக்கொண்டு வகுத்தால் மூன்று காசு.

ஒன்றே முக்கால் காசு என்றால் டைரக்டர்கள் சரி என்று சொல்லக்கூடும். மூன்று காசு என்றால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம்.

அவன் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. அந்தத் தவறு அவனுடையதல்ல. துரை எழுதியதை அப்படியே இறக்கிவைத்தால் விஸ்வலிங்கத்தின் சட்டத்துக்கும் பொருந்தும், அக்காளின் லயத்துக்கும் நல்லது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிந்தா ஆற்றுப் பாலம்வரை போனான். ஆறு ஈயச் சுரங்கத்துச் சேற்றோடு பழுப்பாக ஓடியது. பாலத்தில் நிற்கவும் முடியவில்லை. திரும்பி வந்தான். காலையில் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் தோண்டி எடுத்தவன், மத்தியானம் இதைப் பார்க்காதவன் போல இருந்தால், காலையில் செய்தது என்ன? நியாயமா, அல்லது தனக்கு வேண்டியதை மட்டும் தோண்டும் சாமர்த்தியமா? இந்தக் கேள்வி அவனை விடவில்லை. இங்கிலீஷ் படித்ததே இப்படிச் சாமர்த்தியம் பண்ணத்தானா என்றும் தோன்றியது.

எல்லா வழிகளையும் மூன்று லட்சத்தாலேயே வகுத்தான். இருப்பதை விட்டால் ராத்தலுக்கு ஒன்று புள்ளி எட்டுக் காசு, ஒவ்வொரு வருஷமும், முடிவில்லாமல். வடிகாலும் எண்ணெயும் முதல் வருஷம் நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி, ராத்தலுக்கு ஒன்று புள்ளி ஆறு. அதன்பிறகு எண்ணெய்க்கு மட்டும் ஆயிரத்து இருநூறு, புள்ளி நாலு. காய்ச்சல் பாதி குறையும் என்பது டாக்டரின் மதிப்பு. மேட்டு லயங்களுக்கு மூன்று காசு, இரண்டு வருஷம் மட்டும். காய்ச்சலில் முக்கால் பங்கு போகும். அடியில் ஒரு குறிப்பு: தோட்டத்தின் தாளில் முழு விளைச்சலால் வகுத்திருக்கிறது; இங்கே அனுமதிக்கப்பட்ட அளவால்.

வியாழக்கிழமை தட்டச்சில் அடித்து முடித்தபோது மூன்று வரி அடுத்த தாளுக்கு ஓடிவிட்டது.

"வெட்டும்" என்றார் விஸ்வலிங்கம், தலையை நிமிர்த்தாமல்.

"எதை வெட்டட்டும் ஐயா?"

"அது உம்மட பாடு. நான் வெட்டினால் துரையின்ர பெயரையும் சேர்த்து வெட்டிப்போடுவன்."

வரிவரியாகப் பார்த்தான். எண்களைத் தொடமுடியாது. துரையின் பரிந்துரையைத் தொடமுடியாது. புதிய லயங்களின் பலகைக்கு எந்த மரம் என்று சில வரிகள் இருந்தன. டாக்டரின் பகுதியில் கடைசியாக மூன்று வரிகள் இருந்தன: 'மூன்றாவது வழி ஏற்கப்பட்டால், மூன்றாம் லயத்தை முதலில் மாற்றவேண்டும். சென்ற ஆண்டின் காய்ச்சலில் பாதிக்கு மேல் அந்த ஒரு லயத்தில்தான் (பக்கம் 29).'

அந்த வரிகளைப் பார்த்தபோது அவனுக்கு முகம் சூடேறியது. மற்ற எல்லாம் கம்பெனியின் விஷயம். இது மட்டும் தன் வீட்டு விஷயம் போலத் தெரிந்தது. யாராவது கேட்டால், 'உனக்கு ஏன் மூன்றாம் லயத்தின்மேல் அவ்வளவு அக்கறை?' என்று கேட்டால்? டாக்டர் எழுதியது டாக்டரின் பக்கத்தில் இருக்கிறது. கட்டுவது என்று முடிவானால் எதை முதலில் கட்டுவது என்பது சின்ன விஷயம்; டாக்டர் சொன்னதைத்தானே செய்வார்கள். அந்த மூன்று வரிகளின்மேல் கோடு போட்டான். போட்டதும் ஒரு நிம்மதி வந்தது. தன் கை சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு பக்கம். ஓரங்கூட ஒழுங்காக அமைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டம் நாற்பது நிமிஷம் நடந்தது. அடுத்த அறையில் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் அடிக்காமல் காத்திருந்தான். தேநீர் கொண்டுபோய்த் திரும்பிய பியூன் சன்னாசி அவன் பக்கத்தில் குனிந்தார். ஐம்பது வயசு, அந்த மாடியில் எல்லோருடைய ரகசியமும் அவருக்குத் தெரியும்.

"தம்பி கிராணி, சேர்மன் ஒத்தைக் காயிதத்தைக் கையில வச்சிக்கிட்டு, சும்மா இருந்தா ஐயாயிரமான்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு. தவுக்கே சிரிக்கிறாரு. என்னைக் கேட்டா, சும்மா இருக்குறதுக்கே காசுன்னா என் மச்சான் கோடீசுவரன்லா."

தவுக்கே என்றது டைரக்டர்களில் ஒருவரான சீன ஈயச் சுரங்க முதலாளியை.

மூன்றாவது வழி நிறைவேறியது. மூன்று காசைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தாராம். ஆனால் ஒன்று புள்ளி எட்டு எந்த வருஷத்தில் முடியும் என்று சேர்மன் திருப்பிக் கேட்டுவிட்டு, மூன்றாவதற்கு எதிரே பென்சில் கோடு போட்டாராம். தீர்மானத்தை உடையப்பனே தட்டச்சில் அடித்தான்: இரண்டு ஆண்டில் புதிய லயங்கள், பதினெட்டாயிரத்துக்கு மேற்படாமல், வேலையின் வரிசை தோட்டத்துத் துரையின் விருப்பப்படி.

கடைசிப் பகுதியை அடிக்கும்போது ஏதோ தட்டியது. ஆனால் அன்று அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சுங்கை சிப்புட்டில் இறங்கி, அங்கிருந்து நடந்தே தோட்டத்துக்குப் போனான். இருளாயி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். செல்லி சாக்கின்மேல் சுருண்டு கிடந்தாள்.

"என்னாடா இது, தொரை வந்துட்டாரு! சப்பாத்தைக் கழட்டு, மண்ணு ஒட்டிக்கும்" என்றாள்.

"மேட்டுல புது லயம் கட்டப்போறாங்கக்கா. போர்டுல முடிவாயிருச்சு."

"ஆரு சொன்னா?"

"நான்தான் அந்தக் காயிதத்தை எழுதுனேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அப்பாவு உள்ளேயிருந்து வெளியே வந்து, "நெசமாவா மச்சான்? எப்போ?" என்றான்.

"மொதல்ல உங்க மூணாம் லயந்தான். டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. மழைக்கு முன்னாடி போயிடலாம்."

இருளாயி செல்லியின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். பிறகு, "அங்கிருந்து பெரட்டுக்கு வர அரை மைலு கூடுதலா நடக்கணும்" என்றாள். முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "நடந்துட்டுப் போறோம்" என்றாள். விடியுமுன் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்துக்கு யார் எவ்வளவு நடக்கவேண்டும் என்பது நாற்பத்தொரு பக்கத்தில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பத்து நாள் கழித்துத் தோட்டத்துத் துரையின் கடிதம் வந்தது. கோப்பில் சேர்க்குமுன் வழக்கம்போல் படித்தான். வேலை முதல் லயத்திலிருந்து தொடங்கும். அது வண்டிப்பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய பலகைகளைப் பிரித்து மேட்டுக்கு ஏற்றுவது எளிது. அடுத்தது இரண்டாம் லயம். மூன்றாம் லயம் அடுத்த ஆண்டுக் கடைசியில்.

துரை மோசம் செய்யவில்லை. அவருக்கு வரிசையை யாரும் சொல்லவில்லை. டாக்டரின் இருபத்தொன்பதாம் பக்கத்தை அவர் மறந்திருக்கலாம், படிக்காமலும் இருந்திருக்கலாம். போர்டு படிக்கவில்லை. போர்டு படிக்கவிருந்த ஒரே பக்கத்தில் அது முதலில் இருந்தது. அவன்தான் கோடு போட்டு அடித்தான். அக்காளுக்குப் பரிந்து ஒரு வரி சேர்த்தால் தப்பு என்றால், அக்காள் இருக்கிறாள் என்பதற்காக ஒரு வரியை அடிப்பது மட்டும் எப்படி நியாயமாகும்? வேறு யாருடைய அக்காளோ அங்கே இருந்திருந்தால் அந்த வரி நின்றிருக்கும். பலகைக்கு எந்த மரம் என்ற வரிகள்தான் வெட்டுப்பட்டிருக்கும்.

விஸ்வலிங்கத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றான்.

"சுருக்கத்துல ஒரு வரி விட்டுட்டேன் ஐயா."

"எது?"

சொன்னான். அவர் இருபத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தடுமாற்றம் தெரிந்தது. வெட்டச் சொன்னவர் அவர்.

"முடிஞ்சு போச்சு. தீர்மானம் எழுதியாச்சு" என்றார்.

"கூட்டம் இல்லாமலே சுற்றுக்கு அனுப்பலாம்லங்க. அஞ்சு டைரக்டர்ல மூணு பேர் கையெழுத்துப் போட்டாப் போதும். விதியில இருக்கு."

"விதி எனக்குத் தெரியும் காணும். நீர் பிறக்க முந்தியே அதைப் பார்த்து எழுதினவன் நான். என்னெண்டு எழுதப்போறீர்? 'நாங்கள் பிழை விட்டிட்டம்' எண்டோ? இந்தக் கந்தோரின்ர பெயர் என்னாகும்?"

"'நாங்கள்' வேணாங்க. நான் விட்டேன்னு எழுதுறேன்."

விஸ்வலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "உமக்கு ஏன் இதில இவ்வளவு அவதி?" என்று கேட்டார்.

உடையப்பனின் வாய்வரைக்கும் அக்காளின் பெயர் வந்தது. வெளியே வரவில்லை. "டாக்டர் எழுதியிருக்காரு ஐயா" என்றான்.

"சரி. கெதியா எழுதும். செகரட்டரித் துரையிட்ட நான் சொல்லுறன். பிறகு என்னைக் குறைசொல்லக்கூடாது."

ஐந்து வரி எழுதினான். கோரப்படும் முடிவு: மூன்றாம் லயத்தை முதலில் மாற்றுமாறு துரைக்கு உத்தரவு. காரணம்: டாக்டரின் பரிந்துரை, பக்கம் 29, போர்டுக்குத் தந்த சுருக்கத்தில் இது விடுபட்டது, விட்டவர் கீழே கையெழுத்திட்டவர். செலவு: பலகையைத் தூக்க வண்டிக்கூலி கூடுதலாக நூற்றிருபது வெள்ளி, அனுமதித்த தொகைக்கு உள்ளேயே. அந்த வண்டிக்கூலி குத்தகைக்காரரின் தாளில் இருந்தது. அதை விட்டுவிட ஒரு கணம் மனம் நினைத்தது. விடவில்லை.

சன்னாசி சைக்கிளில் புறப்பட்டார். ஈப்போவில் இருந்த டைரக்டர்கள் மூவர்: சேர்மன், தவுக்கே, ஒரு செட்டியார். மூவருமே கையெழுத்திடவேண்டும். ஒருவர் மறுத்தாலும் அடுத்த கூட்டம்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் முதல் லயத்தைப் பிரித்துவிடுவார்கள்.

உடையப்பன் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தான். தெருவில் ரிக்‌ஷாக்கள் போயின. ஒரு மாட்டுவண்டி வழியை மறித்துக்கொண்டு நின்றது. விஸ்வலிங்கம் இருமுறை "இரும் காணும்" என்றார். உட்கார்ந்தான். எழுந்தான்.

மூன்று மணிக்குச் சன்னாசி மாடிப்படி ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தவுக்கே படிச்சே பாக்கல. சுருக்கமா இருக்குன்னு போட்டுட்டாரு. செட்டியார் அந்த நூத்திருபதை நாலு வாட்டி படிச்சிட்டுப் போட்டாரு. சேர்மன் போடல. என்னமோ கிறுக்கிக் குடுத்தாரு. பதிலோட வான்னுட்டாரு."

தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி: 'முதலிலேயே ஏன் சொல்லவில்லை?'

உடையப்பன் அதை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இடமில்லாமல் போய்விட்டது என்று எழுதலாம். மூன்று வரி கூடுதலாக இருந்தது உண்மைதான். தவறிவிட்டது என்று எழுதலாம், எல்லோரும் எழுதுவதுதான். இரண்டுமே கையெழுத்தை வாங்கித் தரும் என்று அவனுக்குத் தோன்றியது. உண்மையை எழுதினால் வாங்குமா என்று தெரியவில்லை. தன் சொந்தக்காரிக்காகப் பலகை தூக்கச் சொல்கிறான் என்று அந்த மனிதர் தாளைத் தள்ளிவிடலாம். அப்போது செல்லி அந்த அறையிலேயே இன்னொரு மழைக்காலம் கிடப்பாள். உண்மை பேசியதால்.

"கிராணி, வெயில்ல சைக்கிள் காயுது" என்றார் சன்னாசி.

எழுதினான்: 'என் அக்காள் மூன்றாம் லயத்தில் வசிக்கிறாள். அவளுக்காக எழுதியதாகத் தோன்றிவிடும் என்று அஞ்சி அந்த வரியை நீக்கினேன். டாக்டரின் அட்டவணையை நேரில் பார்த்து முடிவு செய்யக் கோருகிறேன். இருபத்தொன்பதாம் பக்கம் இணைக்கப்பட்டுள்ளது.'

கட்டிலிருந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து எடுத்து, ஊசியால் சேர்த்துக் குத்தினான். விஸ்வலிங்கம் கையை நீட்டினார். மறைக்க நேரமில்லை. அவர் படித்தார். 'அக்காள்' என்ற சொல்லில் அவருடைய கண் நின்றதை உடையப்பன் பார்த்தான்.

"சுங்கை சிப்புட் பக்கம்" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

அவர் தாளோடு குத்திய ஊசியைச் சரிபார்த்தார். தாளைச் சன்னாசியிடம் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு அது திரும்பி வந்தது. இருபத்தொன்பதாம் பக்கத்தில் காய்ச்சல் எண்களுக்குக் கீழே பென்சில் கோடு இருந்தது. சேர்மனின் கையெழுத்தும் இருந்தது. அதற்கடியில் இன்னொரு வரி: உலு செரோஜா சம்பந்தப்பட்ட தாள்களை இனிமேல் வேறொரு கிராணி சுருக்கவேண்டும்.

மறுநாள் காலை தோட்டத்துத் துரைக்குப் போகவேண்டிய உத்தரவை விஸ்வலிங்கமே தட்டச்சில் அடித்தார். அவருடைய விரல்களுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. எழுத்து எழுத்தாகத் தேடினார். உடையப்பன் எதிரே வேறொரு தோட்டத்தின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு பக்கம், ஒரு புகைக்கூடத்துக்குப் புதுக் கூரை போடும் விஷயம்.

விஸ்வலிங்கத்தின் பொறி நின்றது.

"மூண்டாம் லயத்தில எத்தினை அறை?" என்று கேட்டார்.

"பன்னெண்டுங்க ஐயா."

"உம்மட அக்கா எந்த அறை?"

கேள்வி உத்தரவுக்குத் தேவையானதா, சும்மா கேட்டதா என்று அவனுக்குப் புரியவில்லை.

"அஞ்சாவது" என்றான்.

பொறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.